கடற்காற்றும் கைபேசி ஒலிப்பதிவும்

கடற்கரையில் கைபேசியால் எடுக்கப்பெறும் படங்களுள் பல காண்பதற்கு இனியன; கேட்பதற்குக் கொடியன. பேசுவோர் வாய் அசைகிறது. முகத்தில் உணர்ச்சி தெரிகிறது. ஆனால் காதில் விழுவதோ புடபுடவென்னும் ஓர் இரைச்சல் மட்டுமே. நம் சங்கத்து நண்பர் சிலர் சென்ற ஆண்டு பொழியூர்க் கடற்புறத்தில் எடுத்துவந்த படங்களைப் பார்த்தோர் இதனை நன்கு அறிவர். காற்றுகளின் பெயர்களையும் அவை வீசும் மாதங்களையும் முதியவர் ஒருவர் அரைமணி நேரம் விளக்கியிருந்தார். அவற்றுள் வாடை, கொண்டல் என்னும் இரு சொற்களே நமக்குத் தெளிவாகக் கிடைத்தன. காற்றைப் பற்றிய பேச்சைக் காற்றே விழுங்கிவிட்டது!

பொழியூர் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர். அதனை அடுத்துள்ள நீரோடி, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நாடு இரண்டாயிற்று. கடலும் வலையும் பேச்சும் இரண்டாகவில்லை. பிழைப்பு நாடிப் பாறசாலைப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அப்பேச்சின் சுவை இளமையிலிருந்தே தெரியும். இன்று அக்கரையில் கடல் நிலத்தை அரித்துக்கொண்டு வருகிறது. வீடிழந்தோர் வேறிடம் செல்கின்றனர். தொலைவிலுள்ள மலைமுடியையும் கோயிற் கோபுரத்தையும் நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்தே நடுக்கடலில் மீன்பாரின் இடம் காணவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் ஒருமுறை சொல்வதை மறுமுறை கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமலே போகலாம். ஆதலின் இவ்வாண்டு மீண்டும் அங்குச் செல்லவிருக்கும் நண்பர்களுக்காக, பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில், காற்றிரைச்சல் எவ்வாறு எழுகிறது, அதனைச் சிறு செலவில் எவ்வாறு தடுக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதிவில் கேட்கும் புடபுடப்பு, கடற்கரையில் நிலவிய ஓசை அன்று. தென்னங்கீற்றின் சலசலப்பும் அலையின் முழக்கமும் உண்மையான ஓசைகள். அவை காற்றின் வழியாக நம்மிடம் வந்து சேர்கின்றன. புடபுடப்போ, காற்று ஒலிவாங்கியின் வாயில் நேரே மோதுவதால் அவ்விடத்திலேயே பிறப்பது. மிதிவண்டியில் விரைந்து செல்லும்போது நம் காதில் இரையும் ஓசையும் இத்தகையதே. தலையைச் சற்றுத் திருப்பினால் அது மாறுகிறது. வெளியிலுள்ள ஓசையானால், தலையைத் திருப்பியதும் அவ்வளவு மாறுவதற்குக் காரணமில்லை.

இம்மோதலின் வலிமை எவ்வளவு? காற்றின் அடர்த்தியில் பாதியை அதன் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது தரும் அழுத்தம் கிடைக்கும். அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோகிராம். வேகம் வினாடிக்கு 6 மீட்டர் என்று கொள்வோம். கரையில் தூசும் காகிதத் துண்டும் எழுந்து பறக்கும் அளவுக் காற்று அது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 22 பாஸ்கல் வருகிறது. ஒருவர் ஒரு மீட்டர் தொலைவில் இயல்பாகப் பேசும்போது அவர் குரல் தரும் அழுத்த மாற்றமோ 0.02 பாஸ்கல் அளவினதே. காற்று குரலைப்போல் ஆயிரம் மடங்கு வலியது!

காற்று ஒரே சீராக வீசினால் இந்த 22 பாஸ்கலும் நம்மைத் துன்புறுத்தா. அழுத்தம் மாறும்போதுதான் ஒலிவாங்கி அதனை உணரும். ஆனால் எந்தக் காற்றும் சீராக வீசுவதில்லை. வேகம் 5 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் இடையே ஊசலாடினாலே அழுத்தம் 15க்கும் 22க்கும் இடையே ஊசலாடும். அதாவது 7 பாஸ்கல் மாற்றம். குரலைப்போல் 350 மடங்கு. இம்மாற்றத்தின் பெரும்பகுதி மிக மெதுவானது. நம் செவிக்கு எட்டாதது. எஞ்சிய சிறு பகுதியே குரலை மூழ்கடிக்கப் போதுமானது.

இதிலிருந்து இன்னொரு செய்தியும் பெறப்படுகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் கால்பங்காகும். இதனை மனத்திற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

குரலும் சுழலும்

காற்றும் அழுத்தம், குரலும் அழுத்தம் என்றால், ஒன்றைத் தடுத்து மற்றொன்றை எவ்வாறு உள்ளே விடுவது? இக்கேள்விக்கு விடை, இரண்டின் அளவில் இருக்கிறது.

வீசும் காற்று வழுவழுப்பான ஓட்டம் அன்று. வெள்ளம் பெருகிய ஆற்றில் சிறிதும் பெரிதுமாகச் சுழல்கள் மிதந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலும் அவ்வாறே கடுகளவு முதல் வீட்டளவு வரை சுழல்கள் உண்டு. அவை காற்றோடு காற்றாக மிதந்து வந்து ஒலிவாங்கியைக் கடந்து செல்கின்றன. கடக்கும் ஒவ்வொரு சுழலும் ஒரு தள்ளும் ஓர் இழுப்பும் தருகிறது. சுழல் தன் உருவம் மாறாமல் கடந்து செல்வதாகவே கொண்டு கணக்கிடலாம் என்பது, ஜி. ஐ. டெய்லர் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1938இல் கையாண்ட வழி. அவ்வழியைப் பின்பற்றினால், காற்றின் வேகத்தைச் சுழலின் நீளத்தால் வகுக்க, அச்சுழல் எழுப்பும் அதிர்வெண் கிடைத்துவிடும். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் 6 சென்டிமீட்டர்ச் சுழல் 100 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தரும். ஒரு சென்டிமீட்டர்ச் சுழல் 600 ஹெர்ட்ஸ் தரும். சுழல் சிறிதாக ஆக, ஓசை உயர்கிறது.

இனிக் குரலைப் பார்ப்போம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுவது. ஆகவே 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 600 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் அரை மீட்டருக்கும் மேல். ஒரே அதிர்வெண்ணில் சுழல் விரலளவு, ஒலியலையோ ஆளளவு. இந்த வேற்றுமையே நம் கையிலுள்ள கருவி.

ஒலிவாங்கியைச் சுற்றி எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக, 6 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பஞ்சுருண்டை ஒன்றை வைத்ததாக எண்ணுங்கள். காற்று உருண்டையின் புறத்தே மோதி நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று அசைவதில்லை. ஆனால் அழுத்தம் மட்டும் பஞ்சின் துளைகள் வழியே உள்ளே பரவுகிறது. குரலின் அலை உருண்டையைவிட மிகப் பெரிதாதலால், உருண்டையின் முன்புறம், பின்புறம், மேல், கீழ் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் ஒரே அளவாய் அழுத்துகிறது. அவ்வழுத்தம் குறையாமல் நடுவிலுள்ள ஒலிவாங்கிக்கு வந்து சேர்கிறது. சிறு சுழல்களோ ஓரிடத்தில் தள்ளும்போது மற்றோரிடத்தில் இழுக்கின்றன. தள்ளும் இழுப்பும் உள்ளே சேரும்போது ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. ஊரார் எல்லாரும் ஒரே குரலில் கேட்டால் ஆட்சியாளர் காதில் விழும். ஆளுக்கொன்றாய்க் கூவினால் எதுவும் விழாது அன்றோ? அதுபோன்றதே இது.

ஆகவே உறையின் வேலை ஓசையை வடிகட்டுவது அன்று. சுழல்களைச் சராசரி எடுப்பது. உறையின் குறுக்களவைவிடச் சிறிய சுழல்கள் அடங்கும்; பெரிய சுழல்கள் அடங்கா. நம் எடுத்துக்காட்டில் 6 மீட்டர் வேகத்திற்கு 6 சென்டிமீட்டர் உருண்டை என்றால் எல்லை 100 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள இரைச்சல் ஏறஏற நன்கு தணியும். கீழுள்ளது அப்படியே நிற்கும். உறையில்லாத கைபேசியில் ஒலிவாங்கியின் வாய் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை. அதற்குரிய எல்லை 6000 ஹெர்ட்ஸ்! மனிதக் குரலின் அகலம் முழுவதும் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. புடபுடப்பு ஏன் அவ்வளவு கொடிதாயிருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

திறந்த வெளியில் உறையிட்ட ஒலிவாங்கிகளை மார்கன், ராஸ்பெட் என்னும் இருவர் ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். உறையைச் சுற்றிப் புதிதாய் எழும் சுழல்களைவிட, காற்றோடு முன்பே வந்து சேரும் சுழல்களே வெளிப்புற இரைச்சலுக்குத் தலையாய காரணம் என்பது அவர்கள் கண்டது. உறையின் வடிவத்தை அழகாக்குவதைவிட அளவைப் பெரிதாக்குவது மேல் என்று நாம் இதனின்று அறிந்துகொள்ளலாம்.

உறை செய்யும் முறை

கைபேசி முழுவதையும் பஞ்சில் பொதிவது தொல்லை. சில கைபேசிகள் படமெடுக்கும்போது அடிப்பக்கத்துத் துளையையும், சில பின்புறத்து ஆடியை அடுத்த துளையையும், சில இரண்டையும் பயன்படுத்துகின்றன. ஆடியருகே பஞ்சை வைத்தால் படம் மறையும். இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. பாட்டுக் கேட்கும் கம்பியுள்ள காதுக்கருவியில், கழுத்தளவில் ஒரு சிறு மைக் இருக்கிறது. அதனைப் பஞ்சுருண்டைக்குள் வைத்துப் பேசுவோர் நெஞ்சருகே மாட்டிவிடலாம். கம்பி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளுமாதலால், படமெடுப்போர் எதிரே அமர இடமிருக்கும்.

ஆனால் எல்லாக் கைபேசிகளிலும் படக்கருவி இந்த மைக்கை ஏற்பதில்லை. செல்வதற்கு முன் அறையிலேயே சோதிக்க வேண்டும். படத்தைப் பதிவு செய்துகொண்டே மைக்கை விரல் நகத்தால் இலேசாகச் சுரண்டுக. பின்பு கைபேசியின் துளைகளை ஒவ்வொன்றாகச் சுரண்டுக. திரும்பக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் உரத்துக் கேட்கிறதோ அதுவே உண்மையில் வேலை செய்யும் ஒலிவாங்கி. காதுக்கருவி மைக் ஏற்கப்படவில்லையெனில், அதனை இரண்டாவது கைபேசியில் செருகி ஒலியை மட்டும் அதில் பதியலாம். தொடக்கத்தில் இரு கைபேசிகளும் கேட்க ஒருமுறை கைதட்டினால், பின்னர் அத்தட்டலை அடையாளமாக வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொள்ளலாம்.

உருண்டைக்கு வேண்டிய பஞ்சு, மெத்தை தைக்கும் கடையில் கழிவாகக் கிடைக்கும் ஸ்பாஞ்சு. அதைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை: வாயருகே வைத்து ஊதுக. மறுபுறம் கையை வைத்தால் மூச்சு மெல்லியதாகப் படவேண்டும். ஊதியும் காற்றுப் புகாத பஞ்சு, தெர்மகோலைப்போல் உள்ளறைகள் மூடியது. அது சுழலோடு குரலையும் தடுக்கும். நல்ல பஞ்சைக் கத்தரியால் 6 சென்டிமீட்டர் அளவுக்கு உருட்டி வெட்டுக. நடுவரை ஒரு கீறல் கீறி, மைக்கை உட்செலுத்தி, எப்புறமும் 2 சென்டிமீட்டருக்குக் குறையாத பஞ்சு இருக்குமாறு நிறுத்துக. வாயை இரண்டு தையலால் மூடலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டலாகாது. இறுக்கினால் துளைகள் நசுங்கும்.

இதன்மேல் பொம்மைகளுக்குப் போர்த்தும் நீண்ட மயிருள்ள துணியைத் தளர்ச்சியாகப் போர்த்தினால் இன்னும் நலம். காற்று மயிரிழைகளிடையே நுழைந்து வேகம் குன்றிப் பஞ்சை அடைகிறது. மயிரின் நீளத்தளவு உறையின் குறுக்களவும் பெருகுகிறது. துணியின் பின்புற நெசவும் ஊதினால் மூச்சு விடுவதாக இருத்தல் வேண்டும். பலர் நம்பும் வேறு இரு வழிகள் பயன்படுவதில்லை. துளையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் காற்றோடு குரலும் மங்கும். கைக்குட்டையைத் துளையோடு ஒட்டப் பிடித்தால், சராசரி எடுக்கும் பரப்பு சிறிதாகையால் நன்மை மிகக் குறைவு. துணி படபடத்து உராயும் ஓசை வேறு சேரும்.

உறை குரலை மங்கச் செய்கிறதா என்று அறிய, அமைதியான அறையில் உறையுடன் ஒருமுறையும் உறையின்றி ஒருமுறையும் ‘சிப்பி, சங்கு, பாய்ச்சல்’ என்று சொல்லிப் பதிவு செய்து ஒப்பிடுக. சகரம் மழுங்கியிருந்தால் பஞ்சு மிக அடர்ந்தது. கடற்புறத்தில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அலைத்தூவலிலும் பனியிலும் நனைந்த பஞ்சின் துளைகளை நீர் அடைத்துவிடும். ஆகவே உலர்ந்த உருண்டை ஒன்றை மாற்றாக எடுத்துச் செல்வது நல்லது.

இருக்கும் இடமும் நேரமும்

உறை பாதி வேலை. மறுபாதி, இடத்தைத் தேர்வதில் உள்ளது. இதற்குக் காசும் வேண்டியதில்லை.

பொழியூர்க் கரைக்குக் கடல் தென்மேற்கே உள்ளது. வெயில் ஏறி நிலம் சூடேறியபின் கடற்காற்று எழுந்து, பிற்பகலில் வலுக்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்றே வரும். ஆதலால் பதிவுக்கு ஏற்றது அதிகாலை. கிழக்கே எழும் ஞாயிறு, கடலை நோக்கிப் படமெடுப்போர்க்கு முதுகுப்புறமாக அமைவது மற்றொரு நன்மை. ஆனால் மீனவர் வேலை முடிந்து ஓய்வாகப் பேசுவது பெரும்பாலும் பிற்பகலிலேதான். நாம் அவர்கள் நேரத்திற்குச் செல்ல வேண்டுமேயன்றி, அவர்கள் நம் நேரத்திற்கு வரவேண்டியதில்லை. ஆகையால் பிற்பகற் காற்றுக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அண்மையில் நான் அங்குச் சென்றிருந்தபோது பாட்டா ஒருவரிடம் இதுபற்றிப் பேச நேர்ந்தது. நான் உலர்ந்த மணலைக் கிள்ளி விட்டு அது பறக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “காத்து வள்ளத்துக்கு வேணும் மக்களே. உனக்க பெட்டிக்கு வேண்டாம்னா வள்ளத்துக்க மறைவுல வந்து இரி” என்றார். நான் பக்கம் பக்கமாகப் படித்த பாடம் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

கரையேற்றிய வள்ளம் பக்கவாட்டில் கிடந்தால் அதன் கரைப்புறம் காற்றுக்கு ஒதுங்கிய இடமாகும். மணலில் அமர்ந்தவரின் வாயும் நெஞ்சும் வள்ளத்தின் விளிம்பிற்குக் கீழே இருக்குமாறு அதையொட்டி அமர்தல் வேண்டும். விளிம்பின் உயரத்தில் இருந்தால், அங்கே புரண்டெழும் சுழல்களில் அகப்படுவோம். வள்ளத்தின் இரு முனைகளையும் தவிர்க்க. காற்று அங்கே வளைந்து புகும். வள்ளம் கிடைக்காவிடில் முடைந்த தென்னோலை மறைப்பு ஒன்றன் பின்னே அமரலாம். சிறு இடைவெளிகள் உள்ள ஓலை மறைப்பு, சுவரைவிடச் சிறிது காற்றை உள்ளே விட்டாலும், அதன் பின்னே பெருஞ்சுழல் எழாமல் காக்கிறது. சுவரைத் தாண்டி விழும் காற்றோ சற்றுத் தொலைவில் கீழே புரண்டு திரும்புகிறது.

இனிக் கணக்கு. திறந்த மணலில் காற்று வினாடிக்கு 6 மீட்டர். பேசுவோர் ஒரு மீட்டர் தொலைவில். ஒலிவாங்கி கைபேசியின் வெறுந்துளை. இது நம் நண்பர்கள் எடுத்த முறை. முதலில் மறைவில் அமர்கிறோம். காற்று 3 மீட்டராகக் குறைகிறது என்று கொண்டால், முன்னர்க் கண்ட வர்க்க விதிப்படி இரைச்சலின் அழுத்தம் கால்பங்காகிறது. அடுத்து, மைக்கை ஒரு மீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவுக்கு, அதாவது நெஞ்சுக்குக் கொண்டுவருகிறோம். தொலைவு கால்பங்கானால் குரலின் அழுத்தம் நான்கு மடங்காகும்; காற்றிரைச்சல் இதனால் கூடுவதில்லை. ஆக, குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பதினாறு மடங்கு உயர்ந்துவிட்டது. இவ்வளவும் உறையைத் தொடாமலே!

அதன் பின் உறை வருகிறது. காற்று 3 மீட்டராகிவிட்டதால், 6 சென்டிமீட்டர் உருண்டையின் எல்லை 100 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஹெர்ட்ஸாக இறங்குகிறது. ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேல். பெண் குரலுக்கு 200 அளவில். ஆகவே குரல் முழுவதும் உறை காக்கும் பகுதியில் வந்துவிட்டது. மறைவும் உறையும் ஒன்றுக்கொன்று துணையாவது இவ்வாறே. மறைவின்றி 12 மீட்டர் காற்றில் அதே உருண்டையை நீட்டினால் எல்லை 200 ஹெர்ட்ஸாக ஏறிக் குரலுக்குள் புகுந்துவிடும். அந்நாளில் இரட்டிப்பு அளவுள்ள உறை வேண்டும். அல்லது வீட்டுத் திண்ணைக்குச் செல்லவேண்டும்.

எஞ்சியதை நீக்குதலும் நீக்க முடியாததும்

எல்லைக்குக் கீழே எஞ்சும் தாழ்ந்த பொருமலைக் கணினியில் நீக்கலாம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை இருமுறை வடிகட்டும் கட்டளை இது. படம் தொடப்படுவதில்லை, ஒலி மட்டுமே மாறுகிறது.

```
ffmpeg -i kadal.mp4 -c:v copy -af "highpass=f=120,highpass=f=120" kadal2.mp4
```

ஆண் குரலின் அடித்தளம் இதில் சற்றுக் குறைந்தாலும் பேச்சுக் கெடுவதில்லை. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைப் பெரும்பாலும் அனுப்பியதில்லை. எனினும் நாம் உறவினர் குரலை அடையாளம் கண்டோம். மேலேயுள்ள அதிர்வுகளைக் கொண்டு அடித்தளத்தைச் செவி தானே நிரப்பிக்கொள்கிறது. முதற்பதிவை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆனால் வடிகட்டலை நம்பி உறையின்றிப் புறப்படலாகாது. ஒலிவாங்கிக்கும் அதன் பின்னுள்ள மின்சுற்றுக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. வன்காற்று அவ்வளவை மீறும்போது அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகிவிடும். அக்கணத்தில் குரல் பதிவாகவே இல்லை. பதிவாகாததை எந்த வடிகட்டியும் மீட்டுத் தராது. கணினியில் அலைவடிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் சீவிவிட்டாற்போல் இருப்பது இதற்கு அறிகுறி.

இரண்டாவது கேடு இன்னும் நுட்பமானது. ஓசை உரத்தால் தானே தாழ்த்தி, அடங்கினால் தானே உயர்த்தும் அமைப்பு பல கைபேசிகளில் உண்டு. காற்று ஒருமுறை மோதியதும் அது அனைத்தையும் தாழ்த்துகிறது. காற்று நின்றபின்னும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்து மெல்ல மெல்ல எழுகிறது. பதிவைக் கேட்கும்போது ஒவ்வொரு மோதலின் பின்னும் குரல் இவ்வாறு அமிழ்ந்தால், காற்றைத் துளைக்கு வெளியிலேயே தடுத்திருக்க வேண்டும் என்பது பொருள்.

மூன்றாவதாக, கடலோசையைக் காற்றிரைச்சல் என்று மயங்கலாகாது. அலையின் ஓசை உண்மையான ஒலி. உறை அதனைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. பதிவு செய்யுமுன், காதில் பொருத்திக் கேட்டபடியோ, ஒரு நிமிடம் பதிந்து கேட்டோ, மைக்கின் காற்றுப்புறத்தில் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை மறைவாகப் பிடித்துப் பார்க்க. உடனே அடங்கினால் அது காற்று. அப்படியே நின்றால் அது கடல். கடலோசை மிகுந்தால் உறையால் பயனில்லை. அலைவாயிலிருந்து விலகி அமர்வதும் மைக்கை வாய்க்கு நெருக்குவதுமே வழி.

கரைக்குச் செல்லும் நண்பர்கள் முதலில் மணலைக் கிள்ளி விட்டுக் காற்றின் திசை காண்க. வள்ளத்தின் மறைவில் பாட்டாவை வசதியாக அமர்த்துக. உலர்ந்த உருண்டையை அவர் நெஞ்சருகே மாட்டுக. ஒரு நிமிடம் பதிந்து அங்கேயே கேட்க. சகரம் தெளிவாகவும் குரல் அமிழாமலும் இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். சோழகம் எத்திசைக் காற்று, கச்சான் எப்போது எழும், எந்தக் காற்றில் வள்ளத்தைத் திருப்ப வேண்டும் என்று அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், அவருடைய பேரர்களின் பேரர்களும் கேட்கத் தக்கவாறு நமக்குக் கிடைக்கும்.